சுவருக்குள் ஒளிந்திருந்த முட்டு

தூணும் பீமும் எழுப்பிவிட்டு நடுவில் செங்கல் வைத்து அடைப்பார்கள். கணக்குப் போடுகிறவர் அந்தச் சுவரின் எடையை எடுத்துக்கொள்வார். அதற்குப் பலம் உண்டு என்பதைப் பெரும்பாலும் கணக்கில் சேர்க்கமாட்டார். பக்கவாட்டில் தள்ளும் காற்றுக்கும் நிலநடுக்கத்துக்கும் அது தெரியுமா என்ன?

1950களில் சோவியத் ஆய்வாளர் பொல்யகோவ், சுவர் அடைத்த சட்டகங்களைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தார். இடப்பக்கம் மேல்மூலையில் தள்ளினால் சட்டகம் வலப்பக்கமாகச் சாய்கிறது. அப்போது வலது மேல்மூலையிலும் இடது கீழ்மூலையிலும் சுவருக்கும் சட்டகத்துக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. மற்ற இரண்டு மூலைகளில் மட்டும் சுவர் இறுகிக்கொள்கிறது. விசை அந்த இரண்டு மூலைகளுக்கு நடுவே குறுக்காகத்தான் ஓடுகிறது. ஆக, முழுச் சுவரையும் எடுத்துவிட்டு, மூலைக்கு மூலை ஒரு முட்டுக் கொடுத்ததாக வைத்துக்கொண்டால் போதும். முட்டின் தடிமன் சுவரின் தடிமனே.

அகலம் எவ்வளவு? தகராறு அங்கேதான். 1961இல் பிரிட்டனின் ஹோம்ஸ், மூலைவிட்ட நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றார். நினைவில் நிற்கிற விதிதான்; ஆனால் தூண் தடியா ஒல்லியா என்று அது கேட்பதில்லை. ஸ்டாஃபோர்ட் ஸ்மித் அதைக் கேட்டார். சிறிய எஃகுச் சட்டங்களில் சாந்து அடைத்துச் சோதித்தார். தூண் விறைப்பாக இருந்தால் சுவரோடு அதிக நீளத்துக்கு ஒட்டி நிற்கிறது, முட்டும் அகலமாகிறது. ஒல்லித் தூண் சீக்கிரம் வளைந்து விலகிவிடுகிறது. இந்த ஒப்பீட்டை λh என்ற ஓர் எண்ணில் அடக்கினார். 1970களில் மெயின்ஸ்டோன் அதை வைத்து எழுதிய சூத்திரம் இது:

`w = 0.175 (λh)^(-0.4) d`

இங்கே w முட்டின் அகலம், d மூலைவிட்டம்.

4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், 23 செ.மீ. சுவர், 30 செ.மீ. சதுரத் தூண்கள் என்று வைத்துக்கொள்வோம். மூலைவிட்டம் 5 மீட்டர். ஹோம்ஸ் கணக்கில் அகலம் 1.67 மீட்டர். M25 கான்கிரீட்டுக்கும் சாதாரணச் செங்கல் கட்டுக்கும் λh ஏறக்குறைய 3.7 வரும், மெயின்ஸ்டோன் கணக்கில் அகலம் 52 செ.மீ.தான். ஹோம்ஸ் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு! அப்படிச் சுருக்கியும், மேல்மூலையை ஒரு மில்லிமீட்டர் நகர்த்த அந்த முட்டு சுமார் 33 கிலோநியூட்டன் கேட்கிறது. சுவரில்லாத இரண்டு தூண்களும் சேர்ந்து 15தான், அதுவும் பீம் வளையாது என்று தாராளமாக வைத்துக்கொண்டால்.

இந்திய நிலநடுக்க விதியான IS 1893, 2016 பதிப்பில் மெயின்ஸ்டோனின் வடிவத்தையே ஏற்றது. சன்னல், கதவு இருந்தாலும் முட்டின் அகலத்தைக் குறைக்க வேண்டாம் என்றும் அந்தப் பதிப்பு சொன்னது. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை: முட்டு போகும் வழியிலேயே பெரிய சன்னல் இருந்தால் விசை எதன் மேல் ஏறிப் போகும்?

கார் நிறுத்தக் கீழ்த்தளத்தைத் திறந்துவிட்ட வீடுகளில் இன்னொரு சிக்கல். மேல்தளங்களில் எல்லாம் முட்டு, கீழே ஒன்றுகூட இல்லை. மேலே கட்டடம் பெட்டி மாதிரி விறைத்து நிற்க, வளைவது முழுக்கக் கீழ்த்தளத் தூண்களின் தலையில் விழுகிறது. 2001 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தின் அடுக்குமாடிகள் பல அப்படித்தான் கீழ்த்தளம் நொறுங்கி உட்கார்ந்தன.