டிஃப் வாசிப்பு: மாற்றத்தைப் படித்து உடைப்பைக் கணித்தல்

டிஃப் வாசிப்பு என்பது கோட் ரிவ்யூவின் மையமான வேலை. ஒருவர் செய்த மாற்றம் முதன்மைக் கிளையில் சேரும் முன், இன்னொருவர் அதை வரி வரியாகப் படித்து, என்ன மாறியிருக்கிறது, அதனால் எது உடையக்கூடும் என்று முடிவு சொல்கிறார். கிட் காட்டும் டிஃப்பில் சேர்ந்த வரியின் முன் கூட்டல் குறியும், நீங்கிய வரியின் முன் கழித்தல் குறியும், மாறாத வரியின் முன் ஓர் இடைவெளியும் இருக்கும். என்ன மாறியது என்ற கேள்விக்கு இந்தக் குறிகளே பதில் சொல்லிவிடும். எது உடையும் என்பதற்கான பதில் பெரும்பாலும் அந்தத் திரையில் இருப்பதில்லை. டிஃப் எதற்காக உருவானது என்று பார்த்தால் இதற்கான காரணம் புரியும்.

முதல் `diff` கட்டளையை 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதினார். 1974இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு அது வெளியானது. அதன் கணக்கு முறையை அவரும் ஜேம்ஸ் ஹண்ட்டும் 1976இல் ஓர் அறிக்கையாக எழுதினார்கள். இரண்டு கோப்புகளிலும் ஒரே வரிசையில் வரும் பொதுவான வரிகளில் மிக நீளமான தொடரைக் கண்டுபிடிப்பது, அதில் சேராதவற்றை மாற்றம் என்று சொல்வது: இதுதான் அந்த முறை. அன்றைய வெளியீட்டில் வரி எண்களும் மாறிய வரிகளும் மட்டுமே இருந்தன. சுற்றியுள்ள வரி ஒன்றுகூட இருக்காது. அதைத் தனியாக வைத்துக்கொண்டு யாரும் எதையும் தீர்மானிக்க முடியாது. பழைய கோப்பைப் புதிய கோப்பாக மாற்ற `ed` என்ற எடிட்டருக்குக் கட்டளைகளாகக் கொடுப்பதும் அதன் பயன்களில் ஒன்றாக இருந்தது.

சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்துக் காட்டும் வசதியை பெர்க்லி யூனிக்ஸ் 1981இல் சேர்த்தது. 1985இல் லாரி வால் `patch` நிரலை வெளியிட்டபோது அந்த வரிகளுக்குப் புதிய வேலை கிடைத்தது. இதற்கிடையில் கோப்பு மாறி வரி எண்கள் நகர்ந்திருந்தாலும், பக்கத்து வரிகளை அடையாளம் பிடித்து மாற்றத்தைச் சரியான இடத்தில் ஒட்ட `patch` அவற்றைப் பயன்படுத்தியது. 1990இல் வெய்ன் டேவிசன் பழையதையும் புதியதையும் ஒரே ஓட்டத்தில் காட்டும் வடிவத்தைக் கொண்டுவந்தார். இன்று கிட்டில் நாம் பார்ப்பது அதைத்தான். ஒவ்வொரு துண்டுக்கும், அதாவது ஹங்குக்கும், மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி என்ற இயல்பான அளவும் அந்த வழியில் வந்ததே. ஒட்டும் நிரலுக்கு இடத்தைக் கண்டுபிடிக்க அந்த மூன்று வரி தாராளம். மாற்றத்தின் விளைவைப் புரிந்துகொள்ள வேண்டிய மனிதருக்கு அது போதும் என்று யாரும் அளந்து வைத்ததில்லை. அந்த எண்ணை ரிவ்யூவுக்கான எல்லை என்று எடுத்துக்கொள்வதே இத்துறையில் மிகப் பரவலான பிழை என்பேன்.

படிக்கும் பழக்கமும் இதே காலத்தில் மாறியது. 1976இல் ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன் விவரித்த ஆய்வு முறையில் சிலர் கூடி உட்கார்ந்து நிரலின் பகுதியை முழுவதுமாகப் படித்தார்கள். பேட்ச் பரிமாற்றம் பரவிய பிறகு மாற்றத்தை மட்டும் படிப்பது வழக்கமானது. லினக்ஸ் கெர்னல் குழுவினர் பேட்ச்சை மின்னஞ்சலில் அனுப்பி, வரிக்கு வரி பதில் எழுதியே வேலை செய்தார்கள். அந்தக் குழுவுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டைத் தொடங்கினார்.

கிட்டில் ஒவ்வொரு கமிட்டும் கோப்புகளின் முழு நிலையைக் குறிக்கிறது. எழுதியவர் எந்த வரியைத் தட்டினார், எதை வெட்டி எங்கே ஒட்டினார் என்ற பதிவு அதில் இல்லை. நாம் கேட்கும் நேரத்தில் இரண்டு நிலைகளை ஒப்பிட்டு டிஃப் கணக்கிடப்படுகிறது. யூஜின் மையர்ஸ் 1986இல் வெளியிட்ட முறை இயல்பாகப் பயன்படுகிறது. பிட்டோரண்டை உருவாக்கிய பிராம் கோஹனின் `--patience` முறையையும், அதை விரிவாக்கிய `--histogram` முறையையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். முறை மாறினால் அதே மாற்றம் வேறு விதமாகத் தெரியலாம். கோப்பின் பெயர் மாறியதுகூட ஊகம்தான். நீங்கிய கோப்பும் புதிய கோப்பும் பாதிக்கு மேல் ஒத்திருந்தால் கிட் அதைப் பெயர் மாற்றம் என்கிறது. ஒப்புமை அதற்குக் கீழே போனால் ஒரு கோப்பு முழுக்கச் சிவப்பாகவும் இன்னொன்று முழுக்கப் பச்சையாகவும் வரும். வெளிப்படையான மாற்றங்களுக்கு நடுவே இரண்டு வரி ரகசியமாகவும் மாறியிருந்தால் அந்தப் பச்சைக்குள் கண்ணில் படாது. `-M30%` என்று வரம்பைக் குறைத்துப் பார்த்து, கிட் அதைப் பெயர் மாற்றமாக ஏற்றால், மாறாத வரிகள் விலகி, அந்த இரண்டு வரியும் உண்மையில் மாறியவற்றோடு தெரியும். இடம் மாறிய வரிகளை வேறு நிறத்தில் காட்டும் `--color-moved` 2017இல் வந்தது. வெறும் இடமாற்றம் என்று கமிட்டில் எழுதியிருந்தால் அதை நம்புவதற்கு முன் இந்த வசதியைப் போட்டுப் பார்ப்பது நல்லது. நிறம் மாறாமல் நிற்கும் வரி பெரும்பாலும் வழியில் திருத்தப்பட்டது.

ஒரு டிஃப்பை எப்படித் தவறாகப் படிக்க முடியும் என்பதற்கு டெபியன் லினக்ஸின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் 2006இல் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. மறைகுறியாக்கச் சாவிகளை உருவாக்கும் நூலகம் அது. தொடக்க மதிப்பு தரப்படாத நினைவகம் படிக்கப்படுகிறது என்று வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி எச்சரித்தது. எச்சரிக்கை சுட்டிய வரி இரண்டு இடங்களில் இருந்தது. பராமரிப்பாளர் ஓப்பன்எஸ்எஸ்எல் தரப்பிடம் கேட்டுவிட்டு இரண்டு இடங்களிலும் அதைச் செயலிழக்கச் செய்தார். முதல் இடத்தின் மாற்றத்தைச் சுருக்கி, வரி எண்களை விட்டுவிட்டு, கிட் காட்டும் வடிவில் எழுதினால் இப்படி வரும்:

```
@@ ... @@ static void ssleay_rand_add(const void *buf, int num, double add)
+/*
+ * Don't add uninitialised data.
 		MD_Update(&m,buf,j);
+*/
 		MD_Update(&m,(unsigned char *)&(md_c[0]),sizeof(md_c));
```

இதில் முதலில் பார்க்க வேண்டியது, கழித்தல் குறியே இல்லை என்பது. மூன்று கூட்டல் வரிகளும் விளக்கக் குறிப்பாகவே தெரிகின்றன. ஆனால் நடுவில் இருக்கும் `MD_Update(&m,buf,j);` அந்தக் குறிப்புக்குள் மாட்டிக்கொண்டு இயங்காமல் போய்விட்டது. அதன் முன் இருப்பது மாறாத வரிக்கான இடைவெளி. எழுத்தளவில் அது மாறவில்லை, அதனால் டிஃப் பொய் சொல்லவில்லை. எழுத்து மாறாமலே பொருள் மாறிய வரி அது. குறிப்பின் தொடக்கமோ முடிவோ, நிபந்தனையோ, அடைப்புக்குறியோ சேரும் ஹங்கில் இடைவெளி வரிகளையும் புதிய வரிகளைப் போலவே படிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

அடுத்து `@@` வரியின் கடைசியில் இருக்கும் ஃபங்ஷன் பெயர். இரண்டாவது இடம் `ssleay_rand_bytes` என்ற ஃபங்ஷனுக்குள் இருந்தது. அங்கே `buf` என்பது வெளியே போக வேண்டிய சீரற்ற எண்கள் நிரப்பப்படும் காலி இடம். அதில் ஏற்கெனவே கிடக்கும் குப்பையையும் கலந்தால் சற்றுக் கூடுதல் சீரற்ற தன்மை கிடைக்கலாம் என்ற எண்ணத்தில் எழுதிய வரி அது. எடுத்துவிட்டாலும் பாதகமில்லை. முதலாவது `ssleay_rand_add`. அங்கே `buf` என்பது அழைப்பவர் கொண்டுவந்து தரும் சீரற்ற தரவு. அதைக் கலவையில் சேர்ப்பதற்காகவே அந்த ஃபங்ஷன் இருக்கிறது. சேர்க்கும் வரியையே நிறுத்திவிட்டால் என்ன கொடுத்தாலும் உள்ளே போகாது. மாறிய வரி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஃபங்ஷனின் பெயரையும், `const void *buf` என்று உள்ளீடாக வரும் அளவுருவையும் கவனித்த ஒருவருக்கு அங்கே சந்தேகம் எழுந்திருக்க வேண்டும்.

விளைவு கடுமையானது. சாவியைத் தீர்மானிப்பதில் கணினிக்குக் கணினி மாறிய அம்சமாக மிஞ்சியது புராசஸ் எண் மட்டுமே, அதன் உச்சவரம்பு 32,768. ஆக, ஒரே வகை எந்திரத்தில் ஒரே வகை, ஒரே அளவு சாவிக்குச் சாத்தியமானவை அத்தனைதான். எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். பழுதான பொதி 2006 செப்டம்பர் 17இல் டெபியனில் ஏறியது. உபுண்டு உள்ளிட்ட வழித்தோன்றல்களுக்கும் பரவியது. லூசியானோ பெல்லோ அதைக் கண்டுபிடிக்க, 2008 மே 13இல் அறிவிப்பு வந்தது. இடையில் எந்தச் சோதனையும் உடையவில்லை. சாவிகள் உருவாகின, இணைப்புகள் வேலை செய்தன. சோதனைகள் பச்சையாக இருக்கின்றன என்பதை ரிவ்யூவில் ஆதாரமாக வைக்கும்போது, மாற்றம் தொட்ட பண்பை அந்தச் சோதனைகளில் ஏதேனும் அளக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இன்றைய கிட்டில் அப்படியொரு டிஃப் வந்தால் செய்ய வேண்டியது அதிகமில்லை. `git diff -W` என்று கொடுத்தால் மூன்று வரிக்குப் பதிலாக ஃபங்ஷன் முழுவதும் தெரியும். `@@` வரியில் இருக்கும் பெயரை மட்டும் நம்புவதில் ஒரு பொறி உண்டு. ஹங்க் தொடங்குவதற்கு முன்னால் கடைசியாகக் கண்ட ஃபங்ஷனின் பெயரைத்தான் கிட் அங்கே எழுதுகிறது. ஃபங்ஷனின் தலைப்பே ஹங்குக்குள் இருந்தால், மேலே தெரிவது முந்தைய ஃபங்ஷனின் பெயர். `ssleay_rand_add` ஒரு `static` ஃபங்ஷன், வெளியிலிருந்து அதை `RAND_add` வழியாகவே அழைப்பார்கள் என்பதால், அடுத்து `git grep RAND_add` என்று தேடி, அழைப்பவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்தக் கோப்புகள் எதுவும் டிஃப்பில் இருக்காது. பிறகு `git log -S'MD_Update(&m,buf,j)'` என்று கேட்டால், அந்த வரி எந்தக் கமிட்டில் வந்தது என்று தெரியும், ஏன் வந்தது என்பதை அந்தக் கமிட்டின் குறிப்பு சொல்லக்கூடும். ஒரு வரியை நீக்கும் மாற்றத்தில் இந்தக் கடைசிப் படியைத் தவிர்க்கவே கூடாது.

எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் தீர்ப்பை மாற்றும். `git diff main..feature` இரண்டு கிளைகளின் நுனிகளை ஒப்பிடுகிறது. கிளை பிரிந்த பிறகு `main`இல் மற்றவர்கள் சேர்த்தவை அதில் நீக்கப்பட்டவை போலச் சிவப்பாகத் தெரியும். மூன்று புள்ளி வைத்து `git diff main...feature` என்று எழுதினால் கிளை பிரிந்த இடத்திலிருந்து கணக்கு தொடங்கும். ரிவ்யூவுக்கு ஏற்றது இதுதான். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு: பிரிந்த பிறகு `main`இல் நடந்தது எதுவும் தெரியாது.

அங்கேதான் எந்த டிஃப்பிலும் அகப்படாத உடைப்பு பிறக்கிறது. ஒரு கிளையில் ஒருவர் `wait(t)` என்ற ஃபங்ஷன் விநாடிக் கணக்கில் வாங்கியதை மில்லிவிநாடிக்கு மாற்றி, இருக்கும் எல்லா அழைப்புகளையும் திருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேறொரு கிளையில் இன்னொருவர் புதிய கோப்பில் `wait(30)` என்று எழுதுகிறார். இரண்டு டிஃப்களும் தனித்தனியே குற்றமற்றவை. இருவரும் ஒரே வரியைத் தொடாததால் கிட் மோதலின்றி இணைத்துவிடும். இணைப்புக் கமிட்டை `git show` காட்டும்போது, இரு பெற்றோரிடமிருந்தும் வேறுபடும் பகுதிகள் மட்டுமே வரும். இங்கே அப்படி எதுவும் இல்லை, எனவே டிஃப் காலியாக இருக்கும். முப்பது விநாடி காத்திருக்க வேண்டிய இடம் அரை நொடியில் பத்தில் ஒரு பங்குகூடக் காத்திருக்காது. ஃபங்ஷனின் பெயரையும் சேர்த்து மாற்றியிருந்தால் பழைய பெயரை அழைக்கும் புதிய கோப்பு கம்பைல் ஆகாமல் நின்றிருக்கும். பெயரை மாற்ற முடியாத இடத்தில், கிளையை அன்றைய `main`மீது ரீபேஸ் செய்து, அழைப்புகளை மீண்டும் ஒருமுறை `git grep` செய்து, சோதனைகளை அங்கே ஓட்டிவிட்டுத்தான் ரிவ்யூவர் ஒப்புதல் தர வேண்டும்.