பத்தை இரண்டாகப் பிரித்தவர்கள்: ஒரு பரீட்சைக் கணக்கின் பூர்வீகம்

ஏ.எல். கணிதம் படிக்கும் பிள்ளைகளின் கொப்பியில் இந்த மாதிரிக் கணக்கு ஒன்றாவது இருக்கும்:

kx² + 12x + (k + 5) என்பது ஒரு நிறைவர்க்கம் எனின், k இன் பெறுமானம் யாது?

இதற்கு டியூஷன் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் வழி ஒரே வரிதான். “தன்மைகாட்டியைப் பூச்சியமாக்குங்க, b² = 4ac எண்டு போடுங்க, விடை வரும்.” வரத்தான் செய்யும். ஆனால் இரண்டு விடை வரும். அதில் ஒன்று பிழை. ஏன் பிழை என்பதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன்னர், இந்தக் கேள்வி எங்கிருந்து புறப்பட்டது, எதற்காக ஒருவர் k போன்ற ஒரு எண்ணைத் தானே தெரிவுசெய்து ஒரு கோவையை நிறைவர்க்கமாக்க வேண்டி வந்தது என்று பார்ப்பது நல்லது. அந்த வழி பக்தாதில் ஆரம்பிக்கிறது.

கலீஃபா மஃமூனின் ஆட்சிக்காலத்தில் (813–833) முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி ‘அல்-ஜப்ர் வல்-முகாபலா’ பற்றிய தன் நூலை எழுதினார். அதன் பிற்பகுதியில் பெரும்பங்கு வஸிய்யத், வாரிசுப் பங்கீடு பற்றிய கணக்குகள். முற்பகுதியில்தான் இருபடிச் சமன்பாடுகள் வருகின்றன. அவரிடம் x கிடையாது, + − அடையாளங்களும் கிடையாது; எல்லாமே வசனம்தான். நாம் x² என்று எழுதுவதை அவர் ‘மால்’ என்கிறார். நமக்குப் பழக்கமான அதே சொல், செல்வம் என்று பொருள். x என்பது ‘ஜித்ர்’, அதாவது வேர். தனி எண்களை திர்ஹம் கணக்கில் சொல்கிறார். மறை எண்களை அவர் ஏற்பதில்லை. ஆகவே எல்லா உறுப்புகளும் நேரானவையாக இருக்கும்படி சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரிக்கிறார். நமக்கு வேண்டியது ஐந்தாவது வகை: மாலும் எண்ணும் சேர்ந்து வேர்களுக்குச் சமம்.

அந்த வகைக்கு அவர் தரும் உதாரணம் x² + 21 = 10x. இது வானத்திலிருந்து விழுந்த சமன்பாடு அல்ல. பத்தை இரண்டு பங்காகப் பிரிக்கிறேன், ஒன்றை மற்றதால் பெருக்கினால் இருபத்தொன்று வருகிறது, பங்குகள் எவை என்ற கணக்கு அதே நூலில் இருக்கிறது. ஒரு பங்கு x என்றால் மற்றது 10 − x. பெருக்கம் 10x − x² = 21. குறைந்திருக்கும் x² ஐ மறுபக்கம் கொண்டுபோய்க் குறையை நிரப்பினால் x² + 21 = 10x. அந்த நிரப்புதலுக்குப் பெயர்தான் ஜப்ர்.

அவருடைய செய்முறை சின்னது. வேர்களின் தொகையைப் பாதியாக்கு: 5. அதை அதனாலேயே பெருக்கு: 25. அதிலிருந்து 21 ஐக் கழி: 4. அதன் வர்க்கமூலம் 2. ஐந்திலிருந்து அதைக் கழித்தால் 3, கூட்டினால் 7. இரண்டுமே விடை என்று அவரே சொல்கிறார். இதற்கு அவர் கீறும் படத்தின் சாரம் இதுதான்: பக்கங்கள் 3, 7 கொண்ட செவ்வகத்தின் பரப்பு 21. பக்கம் 5 கொண்ட சதுரத்தின் பரப்பு 25. செவ்வகத்தை வெட்டி அந்தச் சதுரத்துக்குள் அடுக்கினால் மூலையில் பக்கம் 2 கொண்ட ஒரு சின்னச் சதுரம் மிஞ்சும்.

இதற்கு அப்பால் அவர் எழுதும் இரண்டு வாக்கியங்கள்தான் நமது பரீட்சைக் கணக்கின் விதை. பாதியின் வர்க்கம் அந்த எண்ணைவிடக் குறைவாக இருந்தால் கணக்கு நடக்காது என்கிறார். சமமாக இருந்தால், கூட்டலும் இல்லாமல் கழித்தலும் இல்லாமல், பாதியே வேர் என்கிறார்.

21 இன் இடத்தில் k என்று போட்டுப் பாருங்கள். பத்தை இரண்டாகப் பிரித்துப் பெருக்கினால் k வரவேண்டும். k = 21 என்றால் 3, 7. k = 24 என்றால் 4, 6. k = 25 என்றால் 5, 5; மூலையில் மிஞ்சிய சின்னச் சதுரம் மறைந்துவிட்டது. k = 26 என்றால் பத்தை எப்படிப் பிரித்தாலும் முடியாது. x² − 10x + k நிறைவர்க்கமாக k = 25 என்று பிள்ளை எழுதும் விடை, இரண்டு விடை உள்ள கணக்குக்கும் விடையே இல்லாத கணக்குக்கும் நடுவில் நிற்கும் எல்லைக்கல். b² − 4ac என்ற தன்மைகாட்டியும் புதுச் சரக்கு அல்ல. அந்தச் சின்னச் சதுரத்தின் நான்கு மடங்குதான்.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். நமது மேடைகளில் அல்-குவாரிஸ்மியே இருபடிச் சமன்பாட்டைக் ‘கண்டுபிடித்தார்’ என்று முழங்குகிறார்கள். அது சரியல்ல. பாபிலோனியக் களிமண் பலகைகளில் இந்த மாதிரிக் கணக்குகள் உண்டு, யூக்ளிட்டின் இரண்டாம் நூலில் இதன் கேத்திர கணிதம் உண்டு, 628 இல் பிரம்மகுப்தர் இருபடிக்கு விதி எழுதியிருக்கிறார். அல்-குவாரிஸ்மியின் சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. எல்லா வகைகளையும் வரிசைப்படுத்தி, எது எப்போது நடக்கும், எப்போது நடக்காது என்று சொல்லி, படத்தோடு காரணமும் காட்டினார். அதே நூற்றாண்டைச் சேர்ந்த இப்னு துர்க் என்பவரின் அல்-ஜப்ர் நூலிலிருந்து ஒரு பகுதி மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதிலும் இதே ஐந்தாம் வகையை எடுத்து, சமமாகும் நிலைக்கும் முடியாத நிலைக்கும் தனித்தனியே படம் கீறியிருக்கிறார். அந்த எல்லைக்கல் அன்றைய அறிஞர்களின் கண்ணில் பட்டிருந்தது என்பதற்கு இது போதும்.

ஆனாலும் அவர்களில் எவரும் k ஐத் தெரிவுசெய் என்று கேட்கவில்லை. எண் கணக்கிலேயே வந்தது. அது எல்லையில் நின்றால் நின்றது. எண்ணை நாமே தெரிவுசெய்து நிறைவர்க்கமாக்க வேண்டிய தேவை நாற்படிச் சமன்பாட்டோடுதான் வந்தது.

அல்-குவாரிஸ்மியின் நூலை செஸ்டர் ரொபர்ட் என்பவர் 1145 இல் ஸ்பெயினின் செகோவியாவில் லத்தீனுக்கு மொழிபெயர்த்தார். சரியாக நானூறு வருடம் கழித்து, 1545 இல், இத்தாலியரான ஜெரோலாமோ கர்தானோவின் ‘ஆர்ஸ் மக்னா’ நியூரம்பேர்க்கில் அச்சானது. அந்த நூலின் தொடக்கத்திலேயே கர்தானோ, இந்தக் கலை மூஸாவின் மகன் முஹம்மதிடமிருந்து வந்தது என்று பெயர் சொல்லி எழுதுகிறார். நூலின் புகழ் முப்படி, நாற்படிச் சமன்பாடுகளின் தீர்வால் வந்தது. நாற்படியைத் தீர்த்தவர் கர்தானோ அல்ல. அவருடைய வீட்டுக்கு 14 வயதில் வேலைக்காரப் பையனாக வந்து மாணவனாகிவிட்ட லுடோவிகோ ஃபெராரி, 1540 இல் அதைச் செய்தார்.

அவருக்கு முன் வந்த கணக்கும் பத்தைப் பிரிப்பதுதான், இம்முறை மூன்றாக. மூன்று பங்குகளும் தொடர் விகிதத்தில் இருக்கவேண்டும், முதல் இரண்டின் பெருக்கம் 6 ஆகவேண்டும். நடுப்பங்கு x என்றால் முதலாவது 6/x, மூன்றாவது x³/6. மூன்றையும் கூட்டிப் பத்துக்குச் சமன்செய்து ஒழுங்குபடுத்தினால்:

x⁴ + 6x² + 36 = 60x

இடப்பக்கம் கிட்டத்தட்ட ஒரு நிறைவர்க்கம். இருபக்கமும் 6x² ஐக் கூட்டினால் முழுமையாகிவிடும்:

(x² + 6)² = 6x² + 60x

இடப்பக்கம் சரி, வலப்பக்கம் நிறைவர்க்கம் அல்ல. வலப்பக்கத்தைத் திருத்தப்போனால் இடப்பக்கம் கெடும். ஃபெராரியின் யோசனை, இடப்பக்கம் கெடாதபடி ஒரு புதிய எண் y ஐ உள்ளே விடுவது. x² + 6 உடன் y ஐச் சேர்த்தால் இடப்பக்கம் வர்க்கமாகவே இருக்கும். மேலதிகமாக வருவது வலப்பக்கமும் சேரும்:

(x² + 6 + y)² = (2y + 6)x² + 60x + (y² + 12y)

y எதுவாக இருந்தாலும் இது உண்மை. ஆகவே y ஐ நம் விருப்பப்படி தெரிவுசெய்யலாம். வலப்பக்கமும் நிறைவர்க்கமாகும்படி தெரிவுசெய்தால் இருபக்கமும் வர்க்கமூலம் எடுத்துவிடலாம், நாற்படி இருபடியாக இறங்கிவிடும். பரீட்சைக் கணக்கு இதோ வந்துவிட்டது: b² = 4ac.

3600 = 4(2y + 6)(y² + 12y)

சுருக்கினால் y³ + 15y² + 36y = 450. நிறைவர்க்க நிபந்தனை ஒரு முப்படியைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. உமர் கையாம் முப்படிகளைக் கூம்பு வளைவுகளால் தீர்த்தார். எண்ணால் தீர்க்கும் வழி தமக்கு அகப்படவில்லை, பின்னால் வருபவர் காணக்கூடும் என்று எழுதிவைத்தார். அந்த வழி 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் கிடைத்து, அப்போது கர்தானோவின் கையில் இருந்தது. அது இல்லாமல் ஃபெராரியின் யோசனை பாதி வழியில் நின்றிருக்கும்.

நாம் அந்த நீண்ட சூத்திரத்துக்குப் போகத் தேவையில்லை. y = 4 என்று போட்டால் 64 + 240 + 144 = 448; இரண்டுதான் குறைவு. சரியான பெறுமானம் ஏறக்குறைய 4.01. அதைப் பிரதியிட்டு இருபக்கமும் வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது:

x² + 10.01 = 3.744x + 8.012

அதாவது மாலும் எண்ணும் வேர்களுக்குச் சமம். அல்-குவாரிஸ்மியின் அதே ஐந்தாம் வகை. விடைகள் ஏறக்குறைய 3.10, 0.644. முதலாவதை வைத்துப் பார்த்தால் பத்தின் மூன்று பங்குகள் 1.94, 3.10, 4.96. கூட்டினால் 10, முதல் இரண்டின் பெருக்கம் கிட்டத்தட்ட 6.

இப்போது பிள்ளையின் கணக்குக்கு வருவோம். 144 = 4k(k + 5) என்பதிலிருந்து k² + 5k − 36 = 0; ஆகவே k = 4 அல்லது k = −9. நாலைப் போட்டால் 4x² + 12x + 9, அதாவது (2x + 3)². மறை ஒன்பதைப் போட்டால் −9x² + 12x − 4 = −(3x − 2)². முன்னால் ஒரு கழித்தல் அடையாளம் ஒட்டிக்கொண்டிருக்கிறது; மெய்யெண்களில் இது எதனுடைய வர்க்கமும் அல்ல. b² = 4ac என்ற நிபந்தனையோடு x² இன் குணகம் நேராக இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்தால்தான் நிறைவர்க்கம். ‘மூலங்கள் சமம் எனின்’ என்று வினாத்தாள் கேட்டிருந்தால் இரண்டு விடையும் சரி. ‘நிறைவர்க்கம் எனின்’ என்று கேட்டால் k = 4 மட்டுமே. இரண்டு கேள்வியையும் ஒன்றாக நினைத்துப் புள்ளியை இழக்கிற பிள்ளைகள் அதிகம்.

அல்-குவாரிஸ்மியிடம் இந்த இரண்டாவது விடையைக் கொண்டுபோயிருந்தால் அவர் தயங்கியிருக்கமாட்டார். −9x² + 12x − 4 = 0 என்பது அவருக்கு 9x² + 4 = 12x. ஒன்பது மாலை ஒரு மாலாக்கினால் x² + 4/9 = (4/3)x; பாதி 2/3, அதன் வர்க்கம் 4/9, எண்ணுக்குச் சமம்; வேர் 2/3. அவர் தேடியது வேரை மட்டும்தான், அதற்குக் கழித்தல் அடையாளம் ஒரு தடையே அல்ல. ஃபெராரிக்கு வேண்டியிருந்தது வேர் அல்ல, வர்க்கமூலம் எடுக்கக்கூடிய கோவை. அவருடைய 2y + 6 மறையாக வந்திருந்தால் அந்த இடத்திலேயே கை நின்றிருக்கும். அவருடைய முப்படிக்கு இருக்கும் ஒரேயொரு மெய் மூலம் 4.01 தான் என்பதால் அந்தச் சிக்கல் அவருக்கு எழவில்லை.