மெட்ரோ கட்டணத்தைக் குறைத்தால் வருவாய் கூடுமா? கணக்கு என்ன சொல்கிறது?

பெங்களூரு நம்ம மெட்ரோவில் 2025 பிப்ரவரி 9 அன்று அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயானது. சில தூரங்களுக்குக் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பானதால் எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களிலேயே எந்தப் பயணத்துக்கும் உயர்வு 71 சதவீதத்தைத் தாண்டாது என்று நிர்வாகம் அறிவித்தது. ஆனால் அந்த 90 ரூபாய் அப்படியே நின்றது. “விலையைக் குறைங்க, கூட்டம் வரும், வருமானமும் ஏறும்” என்று நீங்களும் சொல்லியிருக்கலாம். அது நடக்குமா?

நெகிழ்ச்சி என்றால்?

விலை 1 சதவீதம் மாறினால் வாங்குபவர்கள் எத்தனை சதவீதம் மாறுகிறார்கள் என்பதே தேவையின் விலை நெகிழ்ச்சி. அது 1-ஐவிட அதிகம் என்றால், விலைக் குறைப்பு வருவாயைக் கூட்டும். 1-க்குக் கீழே என்றால், வருவாய் குறையும்.

ஒரு கணக்கு போடலாம்

60 ரூபாய்க்கு 100 பேர் பயணித்தால் வசூல் 6,000 ரூபாய். கட்டணம் 90 ஆனதும், உதாரணத்துக்கு 15 பேர் விலகினால், 85 பேரிடம் 7,650 ரூபாய் கிடைக்கும். பயணிகள் குறைந்தும் வசூல் கூடிவிட்டது. சராசரி விலையையும் சராசரி எண்ணிக்கையையும் அடிப்படையாக வைத்தால் இங்கே நெகிழ்ச்சி சுமார் 0.4.

இப்போது திரும்ப 60-க்கு இறக்குங்கள். அதே 7,650 ரூபாய் வர 128 பேர் ஏற வேண்டும். போன 15 பேரும் திரும்பி வந்தாலே போதாது, இன்னும் 28 புதியவர்கள் தேவை. ஏற்கெனவே 90 கொடுத்துக்கொண்டிருந்த 85 பேரும் இனி ஆளுக்கு 30 ரூபாய் குறைவாகத் தருவார்கள், அதுதான் காரணம்.

எல்லோருக்கும் ஒரே எண்ணா?

இல்லை. காலை 9 மணிக்கு ஆபீஸ் போயே ஆக வேண்டியவர், டிராஃபிக்கை நினைத்து 90 ரூபாயும் கொடுப்பார். மதியம் நாலு ஸ்டேஷன் தூரம் போகிறவரிடம் ஸ்கூட்டர் இருந்தால் அதை எடுத்துவிடுவார். அதனால்தான் கூட்டமில்லாத நேரத்துக்கு மட்டும் தள்ளுபடி தருவதில் அர்த்தம் இருக்கிறது. அங்கே 5 சதவீதக் குறைப்புக்கு, பயணிகள் சுமார் 5.3 சதவீதம் கூடினாலே வசூல் சமமாகிவிடும்.

நாளாக ஆக நெகிழ்ச்சியும் கூடும். முதல் மாதம் முணுமுணுத்தபடி பயணித்தவர், ஆறு மாதத்தில் பைக் வாங்கலாம், வீட்டையே மாற்றலாம்.

எங்கே ஏமாறுகிறோம்?

2025 ஆகஸ்டில் மஞ்சள் தடம் திறந்ததும் ஒரே நாளில் பயணங்கள் 10 லட்சத்தைத் தாண்டின. ‘விலை ஏறியும் கூட்டம் கூடியதே’ என்று இதைக் காட்ட முடியாது. புதிய தடம் புதிய பயணிகளைக் கொண்டுவந்தது. விலையின் விளைவைப் பார்க்க, பழைய நிலையங்களுக்கு இடையிலான பயணங்களை மட்டும், அதே கிழமை, அதே நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

கட்டணத்தைக் குறைக்கச் சொல்ல சாலை நெரிசல், காற்று மாசு என வேறு நியாயங்கள் உண்டு. ஆனால் ‘வருவாய் கூடும்’ என்று வாதிட்டால், 90-ஐ 60 ஆக்க பயணிகள் 50 சதவீதம் கூட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.