ஒரே மேசை, இரண்டு தடுமாற்றம்

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள விடுதிகளுக்கு வெளிநாட்டவர் வந்துகொண்டே இருப்பார்கள். அப்படி ஒருவர் வந்து அறை எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரங்களை அரசின் இணையதளத்தில் பதிந்தாக வேண்டும். விடுதிக்காரர்கள் இதை ‘சி ஃபார்ம்’ என்பார்கள். பாஸ்போர்ட் எண், விசா எண், நாட்டுக்குள் வந்த தேதி, அடுத்துப் போகும் ஊர், ஒரு புகைப்படம். பழகியவருக்குச் சில நிமிட வேலைதான். ஆனால் ஒரு ஆளுக்கு எந்த வேலையிடம் ஒத்துவரும், எது ஒத்துவராது என்று பார்க்க இதைவிடத் தோதான உரைகல் எனக்குத் தெரியவில்லை.

அந்த மேசையில் ஒரு அக்காவையும் தம்பியையும் உட்காரவைத்துப் பார்ப்போம். இருவரும் கற்பனைதான், ஆனால் இப்படிப்பட்டவர்கள் இல்லாத தெரு கிடையாது. அக்காவுக்கு டிஸ்லெக்சியா. தம்பிக்குக் கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏ.டி.எச்.டி. பள்ளியில் இருவரைப் பற்றியும் ஒரே தீர்ப்புதான்: “படிப்பு ஏறல.” பத்தாம் வகுப்பை எப்படியோ தாண்டிய பிறகு இருவருக்கும் வீட்டில் சொல்லப்பட்ட யோசனையும் ஒன்றேதான்: “குரூப் 4 எழுது. இல்லேன்னா மாமா லாட்ஜுல போய் உக்காரு.”

அக்கா பாஸ்போர்ட்டைக் கையில் வாங்குகிறார். சொற்களாக இருந்தால் பொருளை வைத்து ஊகித்துத் தாண்டிவிடுவார். பாஸ்போர்ட் எண்ணில் ஊகிக்க எதுவும் இல்லை. எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு வரிசை; அதில் 6-க்குப் பின் 9 வந்ததா, 9-க்குப் பின் 6 வந்ததா என்பதைக் கண் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. எதிரே இரவெல்லாம் பயணம் செய்த விருந்தாளி நிற்கிறார், அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர். அவசரப்படுத்த அவசரப்படுத்தப் பிழை கூடுகிறது. படிவம் நேரத்தோடு போய்விடும். எண் தப்பாகப் போயிருக்கும்.

தம்பிக்கு எண்ணைப் படிப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. இரண்டு கட்டங்களை நிரப்புகிறார். மூன்றாவது மாடியில் வெந்நீர் வரவில்லை என்று ஒருவர் சொல்ல, எழுந்து போகிறார். போகும் வழியில் மொட்டைமாடியில் குரங்கு துணியை இழுக்கிறது. அதை விரட்டிவிட்டு வந்தால் சாவி கேட்டு ஒரு குடும்பம். பாதி நிரம்பிய படிவம் கணினித் திரையில் இன்னொரு ஜன்னலுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது தம்பிக்கு இல்லாததுதான். மறுநாள் மாலை நினைவு வரும்போது கெடு முடிந்திருக்கும். எழுதியவரை எண் ஒவ்வொன்றும் சரி.

முதலாளியின் கண்ணுக்கு இரண்டும் ‘அலட்சியம்’. பொதுவாக அவர் எடுக்கும் நடவடிக்கையும் ஒன்றாகவே இருக்கும், அங்கேதான் கோளாறு. “ஆள் எதிர்ல நிக்கும்போதே முடிச்சுடு” என்று விதி போட்டால் தம்பி பிழைத்துக்கொள்வார். படிவம் போனால்தான் சாவி என்று வைத்துவிட்டால், மறக்கவே வழியில்லை. விருந்தாளியே நினைவூட்டலாக எதிரில் நிற்கிறார். ஆனால் அந்த விதி அக்காவை மூழ்கடித்துவிடும். அக்காவுக்கு வேண்டியது நேர்மாறானது: பாஸ்போர்ட்டைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கூட்டம் குறைந்த பிறகு பதிவது. படத்திலிருந்து எண்ணை நகலெடுக்க இப்போது சாதாரண கைபேசியே போதும். பதிந்த எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்துச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சரிபார்த்தால் வேலை முடிந்தது. இதே ‘அமைதியாகப் பிறகு செய்’ என்ற சலுகையைத் தம்பிக்குக் கொடுத்தால் அந்தப் ‘பிறகு’ வரவே வராது.

டிஸ்லெக்சியா உள்ளவர் ஒரு வேலையைப் பார்க்கும்போது கேட்க வேண்டியது, இங்கே தகவல் எந்த வழியாக வருகிறது என்பது: தாளிலா, வாய்மொழியிலா, கண்ணால் பார்த்தா? கவனச் சிக்கல் உள்ளவர் கேட்க வேண்டியது, இங்கே கெடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, செய்ததன் விளைவு எப்போது தெரியும் என்பது. வேலையின் பெயர் இரண்டுக்கும் பதில் சொல்லாது. ‘லாட்ஜ் வேலை’ என்பதற்குள்ளேயே இரண்டுக்கும் நாலைந்து விடைகள் இருக்கின்றன.

யாருக்கு எது என்று தெரியாவிட்டால், எளிய சோதனை ஒன்று செய்து பார்க்கலாம். ஒரே வேலையை ஒருநாள் எழுதிக் கொடுங்கள், மறுநாள் வாயால் சொல்லுங்கள். எழுதியதில் தடுமாறி, சொன்னதைச் சரியாகச் செய்தால் வாசிப்புப் பக்கம் பாருங்கள். எப்படிக் கொடுத்தாலும் பாதியில் நின்று, பக்கத்தில் ஒருவர் இருந்தால் மட்டும் முடிகிறது என்றால் கவனத்தின் பக்கம். இது நோயறிதல் அல்ல, அதற்கு உளவியலாளர் வேண்டும். இதில் ஒரு பொறியும் உண்டு. டிஸ்லெக்சியா உள்ள பலருக்குக் காதால் கேட்ட வரிசையைக் கொஞ்ச நேரம் மனத்தில் நிறுத்துவதும் கடினம். “12-க்கு ரெண்டு தலையணை, 7-க்கு பில், 15-க்கு டாக்ஸி, அப்புறம் பால்காரனுக்கு பணம்” என்று ஒரே மூச்சில் சொன்னால் நாலாவது விழுந்துவிடும். பார்ப்பவர் இதையும் கவனக்குறைவு என்றே நினைப்பார். இரண்டு சிக்கலும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதும் அரிதல்ல.

இனி ஊரின் நாள்காட்டிக்கு வருவோம். திருவண்ணாமலையின் பிழைப்பு பௌர்ணமியைச் சுற்றி ஓடுகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் ஆட்கள் நடக்கும் அந்த ஓர் இரவுக்காக மெஸ், டீக்கடை, பார்க்கிங், விடுதி எல்லாம் தயாராகின்றன. தள்ளிப்போட முடியாத கெடு மாதாமாதம் வானத்திலிருந்தே வருகிறது. தம்பிக்கு இதைவிடத் தோதான முதலாளி கிடையாது. அன்று இரவு தோசைக்கல் பக்கம் நின்றாலும், வண்டிகளை ஒழுங்குபடுத்தினாலும், அடுத்து என்ன என்பதைக் கூட்டமே சொல்லிவிடுகிறது. அமெரிக்காவில் ஏ.டி.எச்.டி உள்ள இளைஞர்களிடம் பேட்டி எடுத்து 2016-இல் வெளியான ஓர் ஆய்விலும் இதே சாயல்: பரபரப்பான, கை வேலையான, சவாலான இடங்களில் தங்கள் சிக்கல் குறைவாகத் தெரிகிறது என்று பலர் சொன்னார்கள்.

ஆனால் பௌர்ணமி போனபின் வரும் வாரங்கள் இருக்கின்றனவே! சரக்குக் கணக்கு, ஜி.எஸ்.டி பில், ஈ ஓட்டும் மதியங்கள். தம்பி வேலையை விடுவது அப்போதுதான், கூட்டத்தின் நடுவில் அல்ல. எனவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் பௌர்ணமி வாரத்தில் மட்டும் போய்ப் பார்த்து மயங்கக் கூடாது. வெறும் வாரம் ஒன்றிலும் நின்று பார்க்க வேண்டும். அந்த வாரத்தில் அன்றன்றே தொடங்கி அன்றன்றே முடியும் வேலை, பழுது பார்ப்பதோ டெலிவரியோ, ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

அக்காவுக்கோ அந்த வெறும் வாரங்களே நல்லவை. கூட்டம் அவருக்குத் தானாகக் கெடுதல் செய்வதில்லை. கூட்டத்துக்கு நடுவில் படிக்கச் சொன்னால்தான் சிக்கல். பௌர்ணமி இரவில் அவரைப் பதிவேட்டிலிருந்து எடுத்து, அறைகளை மேற்பார்வை பார்க்கவோ விருந்தாளிகளிடம் பேசவோ விட்டால் போதும். டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு வடிவங்களைக் கற்பனை செய்யும் திறன் கூடுதல் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆய்வு முடிவுகள் அதில் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. அதை நம்பி ஒரு பெண்ணை வடிவமைப்புப் படிப்பில் சேர்க்க நான் சொல்ல மாட்டேன். அவருக்கு எது வருகிறது என்பதை அவரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

குரூப் 4 யோசனையையும் இதே கண்ணால் பார்க்கலாம். 200 கேள்விகள், 3 மணி நேரம்: ஒரு கேள்விக்கு 54 விநாடி. மெதுவாகப் படிப்பவருக்கு இந்த நேரமே சுவர். இங்கே சட்டம் இருவரையும் வெவ்வேறாக நடத்துகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. டிஸ்லெக்சியா அதில் அடங்கும். 40 சதவீதம் என்று சான்றிதழ் கிடைத்தால், அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் ஆகியவற்றோடு பகிர்ந்துகொள்ளும் 1 சதவீதத்தில் இடம் உண்டு. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் தரலாம் என்று மத்திய அரசின் நெறிமுறைகள் சொல்கின்றன. அதன்படி 54 விநாடி 72 ஆகும். ஏ.டி.எச்.டி அந்த 21-இல் தனி வகையாக இல்லை. தம்பிக்கு மூன்று மணி நேரம் மூன்று மணி நேரம்தான்.

ஆனால் தேர்வு வேறு, வேலை வேறு. இளநிலை உதவியாளர் நாற்காலி கிடைத்தபின் அக்காவின் நாள் முழுவதும் கோப்புகளே. கூடுதல் நேரம் அங்கே வராது. தேர்வைத் தாண்டவைத்து அதைவிடக் கடினமான இடத்தில் கொண்டுபோய் விடுவதாகத்தான் இது முடியும், மாடிப்படி ஏற முடியாதவரைத் தூக்கிக்கொண்டுபோய் மேல்மாடியில் குடிவைப்பதுபோல.

இதற்கு எதிர்ப்புறம் ஒரு கதவு இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயது நிரம்பி, ஒயரிங்கில் ஐந்து ஆண்டு அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். கைவேலையைச் செய்து காட்டுவதே அதில் முக்கியம். எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் வேலைக்குப் போய்ப் பார்த்துப் பழகும் அக்காவுக்கு, வழி முழுவதும் கண்ணும் கையும்தான். மதிப்பீட்டுத் தாள், பில் எழுதுவது மட்டும் பின்னால் வரும். குரல் பதிவில் சொல்லி வேறு யாரையாவது எழுதவைக்கலாம்.

தம்பிக்கும் இது பொருந்தும் என்றுதான் முதலில் தோன்றும். ஒவ்வொரு வீடும் புதிது, சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, விளைவு உடனே தெரிகிறது. ஆனால் இங்கே மறதிக்கு விலை உயிர். மெயினை அணைத்தோமா என்ற கேள்வியை நினைவிடம் விடக் கூடாது. பழைய எலெக்ட்ரீஷியன்கள் ஃபியூஸ் கேரியரைக் கழற்றித் தங்கள் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு வேலை செய்வார்கள். பை கனமாக இருந்தால் மின்சாரம் இல்லை. தம்பியைச் சேர்த்துக்கொள்ளும் மேஸ்திரி அப்படிப்பட்டவரா, அல்லது “ஆஃப் பண்ணிட்டேன், தைரியமா தொடு” என்பவரா என்பதை வைத்துத்தான் அந்த இடம் அவருக்கு ஆகுமா என்று சொல்ல முடியும்.