கையெழுத்து போட்டால் நிலம் போய்விடுமா? சொந்தம், சுவாதீனம், குத்தகை: புத்தூர் நிலத்தை வைத்து ஒரு விளக்கம்

புத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் அப்பா விட்டுப்போன 2 ஏக்கர் நிலம். மகனுக்கு சென்னையில் வேலை. 14 வருடமாக அதில் வேர்க்கடலை போடுவது பக்கத்து வீட்டு மாமா. எழுத்து எதுவும் கிடையாது. அறுவடை முடிந்ததும் பேசின தொகையைக் கையில் கொடுத்துவிடுவார். இந்த வருடம் அவர் ஒரு படிவத்தோடு வந்து நிற்கிறார்: "தம்பி, கவுலு கார்டுக்கு ஒரு கையெழுத்து போடுங்க. பேங்க்ல பயிர்க்கடன் கேட்கணும்."

மகனுக்கு உடனே பயம் வருகிறது. கையெழுத்து போட்டால் நிலம் அவருக்கே போய்விடுமோ? ஏற்கெனவே 12 வருடம் தாண்டிவிட்டதே?

இது ஒரு கற்பனை உதாரணம்தான். ஆனால் ஊரில் நிலமும் வெளியூரில் வேலையும் உள்ள பலருக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வரும். பதில் சொல்ல, ஒரே நிலத்தின் மேல் இருக்கும் மூன்று உறவுகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில், எந்த மாநிலச் சட்டம்?

நிலம் எங்கே இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டம்தான் பொருந்தும், நீங்கள் எங்கே வசித்தாலும் சரி. புத்தூர் ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அங்கே போனது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. எனவே தமிழ்நாட்டுக் குத்தகைச் சட்டத்தை வைத்து நண்பர்கள் சொல்லும் யோசனை இங்கே உதவாது.

சொந்தம்: பத்திரம் பேசும்

நிலத்தை விற்க, அடமானம் வைக்க, வாரிசுக்கு விட உரிமை உள்ளவர் உரிமையாளர். அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்பதைப் பதிவு செய்த கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, உயில், வாரிசுரிமை ஆகியவை காட்டும். பாஸ் புத்தகமும் வருவாய்த் துறையின் 1பி பதிவும் முக்கியமானவைதான். தவறு என்று நிரூபிக்கப்படும்வரை அந்தப் பதிவுகள் சரி என்றே எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் அவை உரிமையை உருவாக்குவதில்லை. பட்டா மாற்றம் மட்டுமே ஒருவரை உரிமையாளர் ஆக்கிவிடாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது.

சுவாதீனம்: நிலத்தில் யார் இருக்கிறார்?

சுவாதீனம் என்பது நிலம் யார் கையில் இருக்கிறது என்ற உண்மை நிலை. ஆந்திராவின் அடங்கலைப் பாருங்கள். பட்டாதாரர் பெயருக்கு ஒரு கட்டம், அனுபவதாரர் பெயருக்கு இன்னொரு கட்டம். இரண்டும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்பதற்கு அந்த இரண்டு கட்டங்களே சாட்சி.

சுவாதீனத்துக்கென்று தனிப் பாதுகாப்பும் உண்டு. "என் நிலம்தானே" என்று ஜேசிபியோடு போய் ஒருவரை வெளியேற்ற முடியாது. சட்ட வழி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், 1963-ம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம் 6-வது பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போடலாம். அந்த வழக்கில் நிலம் யாருக்குச் சொந்தம் என்பது கேள்வியே அல்ல. சுவாதீனத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, உரிமையாளர் தன் உரிமைக்குத் தனியாக வழக்குப் போட வேண்டியதுதான்.

12 வருடம் ஆனால் அவருக்கே சொந்தமா?

இதுதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம். காலவரம்புச் சட்டத்தில் 12 வருடக் கணக்கு இருப்பது உண்மை. ஆனால் அந்தக் கணக்கு தொடங்குவது, ஒருவர் உரிமையாளரின் உரிமையை மறுத்து, வெளிப்படையாக, தன்னுடையது என்று அனுபவிக்க ஆரம்பிக்கும் நாளிலிருந்து. இதற்கு எதிரிடை அனுபவம் என்று பெயர்.

நம் உதாரணத்தில் மாமா வருடாவருடம் குத்தகை கொடுக்கிறார். அதாவது, "நிலம் உங்களுடையது" என்று ஒவ்வொரு அறுவடைக்கும் ஒப்புக்கொள்கிறார். அனுமதியோடு இருப்பவருக்கு 14 வருடம் ஆனாலும், 40 வருடம் ஆனாலும், அந்தக் கணக்கு தொடங்கவே இல்லை. குத்தகை முறைப்படி முடிந்த பிறகும் அவர் காலி செய்யாவிட்டால், நிலத்தை மீட்க வழக்குப் போட உரிமையாளருக்கு அன்றிலிருந்து 12 வருடம் அவகாசம் உண்டு.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மாமா கொடுத்தது எல்லாம் ரொக்கம். ரசீது கிடையாது. நாளைக்கு அவருடைய பிள்ளைகள், "எங்கப்பா குத்தகையே கொடுக்கலை, இது எங்க நிலம்" என்று சொன்னால், அது அனுமதியின் பேரில் இருந்த அனுபவம் என்று எதை வைத்துக் காட்டுவீர்கள்? உரிமையாளரை ஆபத்தில் விடுவது மாமா அங்கே இருந்த வருடங்கள் அல்ல, இல்லாத காகிதம்தான்.

குத்தகை: அனுமதியோடு வந்த சுவாதீனம்

குத்தகைதாரருக்குச் சுவாதீனம் உண்டு, சொந்தம் கிடையாது. நிலத்தை அவர் விற்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது. ஆனால் அவர் வெறும் விருந்தாளியும் அல்ல. இந்தப் பகுதிக்குப் பொருந்தும் 1956-ம் ஆண்டின் ஆந்திரக் குத்தகைச் சட்டம், தானே உழைத்துப் பயிரிடும் குத்தகைதாரருக்குக் குறைந்தது ஆறு வருடக் குத்தகைக் காலம் தருகிறது. குத்தகை பாக்கி போன்ற குறிப்பிட்ட காரணங்கள் இருந்தால், அந்தச் சட்டம் சொல்லும் சிறப்பு அலுவலரிடம் உத்தரவு வாங்கித்தான் வெளியேற்ற முடியும்.

உரிமையாளர்கள் எழுதிக் கொடுக்கப் பயப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் அந்தச் சட்டத்தில் குத்தகை என்பது எழுத்தில் இருந்தாக வேண்டும் என்றில்லை. நடந்துகொள்ளும் விதத்திலிருந்து புரியும் ஒப்பந்தமும் குத்தகைதான். 14 வருடமாகப் பணம் வாங்கியவர், கையெழுத்து போடவில்லை என்பதாலேயே குத்தகை இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சரி, அந்தக் கார்டு என்ன?

2019-ல் ஆந்திர அரசு பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. உரிமையாளரும் சாகுபடி செய்பவரும் குறிப்பிட்ட படிவத்தில் கையெழுத்திட்டால், சாகுபடியாளருக்கு 11 மாதத்துக்கு ஒரு அட்டை கிடைக்கும். ஊரில் கவுலு கார்டு என்பது இதைத்தான். அதை வைத்து அவர் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, இயற்கைப் பேரிடரில் பயிர் போனால் வரும் நிவாரணம் ஆகியவற்றைக் கேட்கலாம். பயிரின் மேல் மட்டும்தான் இந்த உரிமை. நிலத்தின் சொந்தம் மாறாது.

கார்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். மழை பொய்த்து வேர்க்கடலை காய்ந்தால் நஷ்டம் மாமாவுக்கு. ஆனால் ஆவணத்தில் இருப்பதோ உங்கள் பெயர். வங்கி அவருக்குக் கடன் தரத் தயங்கும், அவர் வட்டிக்காரரிடம் போவார்.

அப்போ மகன் என்ன செய்யலாம்?

முதலில் தன் பக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். பத்திரம், வில்லங்கச் சான்று, 1பி, அடங்கல் நான்கிலும் சர்வே எண்ணும் பரப்பும் ஒத்துப்போகின்றனவா? அப்பா பெயரிலிருந்து தன் பெயருக்கு மாறியிருக்கிறதா? அடங்கலில் அனுபவதாரர் கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது, எந்த வகை அனுபவம் என்று எழுதியிருக்கிறது?

இரண்டாவது, குத்தகைத் தொகையை இனி வங்கிக் கணக்கில் வாங்கிக்கொண்டு, ரசீதும் கொடுக்க வேண்டும். அதில் வருடமும் சர்வே எண்ணும், "குத்தகைக்காக" என்ற வார்த்தையும் இருக்கட்டும். அது எதிரிடை அனுபவம் என்ற பேச்சுக்கு நல்ல பதில்.

மூன்றாவது, சீக்கிரமே நிலத்தை விற்கும் எண்ணமோ, தானே பயிரிடும் எண்ணமோ இருந்தால், 1956-ம் ஆண்டுச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று உள்ளூர் வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது.

அந்தப் படிவத்தில் கையெழுத்து போட்டதால் மட்டும் நிலம் போய்விடாது. போடாமல் விட்டதால் மாமாவின் குத்தகை இல்லாமல் ஆகிவிடாது. மாறுவது ஒன்றுதான்: பயிர் போனால் அவருக்கு நிவாரணம் கேட்க வழி இருக்கிறதா, இல்லையா என்பது.