19 என்ற எண்ணிலிருந்து user.id வரை: லாக் வரிகளின் கதை

இன்றைய எபிசோடை ஒரு பழைய சம்பவத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடம். பணம் செலுத்த முடியவில்லை என்று வாடிக்கையாளர்களிடமிருந்து வரிசையாக போன். நாங்கள் லாக் தேடும் திரையைத் திறந்து `status:failed` என்று தேடினோம். முடிவு: பூஜ்ஜியம். ஒரு தோல்வி கூட இல்லையாம்! தோல்வி நடந்துகொண்டிருக்கிறது, லாக்கும் எழுதப்படுகிறது, ஆனால் தேடினால் கிடைக்கவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதைப் புரிந்துகொள்ள நாற்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

1980களின் தொடக்கம், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். எரிக் ஆல்மன் அங்கே சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார். அதன் செய்திகளைப் பதிவு செய்ய அவர் உருவாக்கியதுதான் சிஸ்லாக். பிறகு மற்ற யூனிக்ஸ் நிரல்களும் அதையே பயன்படுத்தத் தொடங்கின. நெட்வொர்க்கில் போகும் ஒரு சிஸ்லாக் வரி இப்படி இருக்கும்:

```
<19>Mar  4 09:15:02 mx1 sendmail[412]: cannot open queue file
```

முன்னால் இருக்கும் 19-ஐப் பாருங்க. அதை 8-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 3. ஈவு, செய்தி எந்தப் பிரிவிலிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது. 2 என்றால் மின்னஞ்சல். மீதி, நிலைமை எவ்வளவு மோசம் என்பதைச் சொல்கிறது. 0 என்றால் இயந்திரமே படுத்துவிட்டது, 3 என்றால் பிழை, 4 என்றால் எச்சரிக்கை, 7 என்றால் டீபக். எண் சிறியதாக ஆக ஆக ஆபத்து பெரியது.

ஆக, இயந்திரம் படிக்கக்கூடிய ஒரு புலம் அன்றைக்கே இருந்தது. ஆனால் வரியைக் கோப்பில் எழுதும்போது அந்த 19-ஐ விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதுவதுதான் வழக்கம். கோப்பைப் படிக்கப் போவது மனுஷன்தானே, அவனுக்கு எதற்கு அந்த எண் என்ற நினைப்பு. தேதியைக் கவனிச்சீங்களா? வருடம் இல்லை, நேர மண்டலமும் இல்லை. அறையில் ஒரே ஒரு கணினி, அதன் எதிரில் ஒரே ஒரு நிர்வாகி என்றால் இதெல்லாம் ஒரு குறையே இல்லை. 2001-ல் வந்த ஆர்எஃப்சி 3164 என்ற ஆவணம்கூடப் புதிய விதி எதையும் போடவில்லை. நடைமுறையில் எல்லோரும் எப்படி அனுப்புகிறார்கள் என்பதைத்தான் விவரித்தது.

பிறகு ஒரு கணினி பத்தாகி, நூறாகியது. லாக்குகளை ஒரே இடத்தில் சேர்த்துத் தேட வேண்டிய தேவை வந்தது. லாக்ஸ்டாஷ் போன்ற கருவிகள் சுதந்திரமாக எழுதிய வாக்கியங்களை ரெகுலர் எக்ஸ்பிரஷன் வைத்து உடைத்து, இது நேரம், இது பயனர் எண் என்று பிரித்தன. ஆனால் டெவலப்பர் ஒருவர் செய்தியில் ஒரு வார்த்தையை மாற்றினால் போதும், அந்த வடிவம் பொருந்தாது. வரியின் மேல் `_grokparsefailure` என்ற முத்திரை மட்டும் விழும். எழுதும்போதே தனித்தனியாக இருந்த தகவலை ஒரு வாக்கியமாக ஒட்டி, பிறகு இன்னொரு இடத்தில் கஷ்டப்பட்டுப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

2009-ல் வந்த ஆர்எஃப்சி 5424 இதற்கு ஒரு விடை கொடுத்தது. முழுத் தேதி, நேர மண்டலம், பெயரும் மதிப்புமாக எழுதும் ஒரு பகுதி, எல்லாம் அதில் உண்டு. ஆனால் வெப் சேவைகள் எழுதுகிறவர்கள் கையில் ஏற்கெனவே ஜேசான் இருந்தது. அவர்கள் லாக்கையும் வரிக்கு ஒரு ஜேசானாக எழுத ஆரம்பித்தார்கள். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

இப்போது இரண்டு சேவைகளை எடுத்துக்கொள்வோம். ஆர்டர் சேவை நோடில், பைனோ என்ற லைப்ரரியோடு ஓடுகிறது. பேமென்ட் சேவை பைதானில் ஓடுகிறது. ஒரே வாடிக்கையாளரின் ஒரே கோரிக்கை:

```
{"level":30,"time":1709543702000,"userId":"A17","msg":"order placed"}
{"levelno":30,"asctime":"2024-03-04 14:45:03","user_id":"A17","message":"gateway slow"}
```

இரண்டும் சரியான ஜேசான்தான். ஆனால் `userId` என்று தேடினால் பாதிக் கதைதான் கிடைக்கும். நேரத்தைப் பார்த்தால் இன்னும் குழப்பம். முதல் வரியில் இருப்பது 1970 முதல் எண்ணிய மில்லிசெகண்ட். அது யூடிசி 09:15:02. இரண்டாவது இந்திய நேரம், ஆனால் இந்திய நேரம் என்று அது சொல்லவே இல்லை. ஒரு விநாடி இடைவெளியில் நடந்தவை ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும்.

எல்லாவற்றையும்விட வேடிக்கை அந்த 30. பைனோவில் 30 என்றால் சாதாரணத் தகவல். பைதானில் 30 என்றால் எச்சரிக்கை. 40-ம் அதற்கு மேலும் எல்லாம் காட்டு என்றால் பைதானின் பிழைகளோடு பைனோவின் வெறும் எச்சரிக்கைகளும் கலந்து வரும். சிஸ்லாக்கின் பிழை எண்ணோ 3, அது வரவே வராது. எண் இருக்கிறது, ஒப்பந்தம்தான் இல்லை.

அந்த ஒப்பந்தத்தை எழுதும் வேலை 2019 வாக்கில் சூடுபிடித்தது. எலாஸ்டிக் நிறுவனம் ஒரு பொதுப் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது: நேரம் `@timestamp`, பயனர் `user.id`, சேவை `service.name`, கோரிக்கையின் அடையாளம் `trace.id`. அதே ஆண்டு தொடங்கிய ஓப்பன்டெலிமெட்ரி திட்டம் பிறகு நிலைகளுக்கு 1 முதல் 24 வரை ஒரு பொது அளவுகோல் வைத்தது. அதில் பிழை 17-ல் தொடங்குகிறது. அந்தந்த லைப்ரரி சொன்ன பழைய பெயர் தனியாக அப்படியே இருக்கும்; ஒப்பிடுவதற்கு மட்டும் பொது எண். 2023-ல் எலாஸ்டிக் தன் பட்டியலையும் ஓப்பன்டெலிமெட்ரியிடம் ஒப்படைத்தது. இப்போது `SeverityNumber >= 17` என்று கேட்டால் எந்த மொழியில் எழுதிய சேவையானாலும் பிழைகள் மட்டும் வரும்.

சரி, அந்தப் பூஜ்ஜியத்துக்கு வருவோம். எலாஸ்டிக்சர்ச், ஒரு புலத்தை முதல்முதலாகப் பார்க்கும்போது அதன் வகையைத் தானே தீர்மானிக்கும். எங்கள் ஒரு சேவை `"status":200` என்று அனுப்பியது. உடனே அந்த இண்டெக்ஸில் `status` ஓர் எண் என்று முடிவாகிவிட்டது. பேமென்ட் சேவை `"status":"failed"` என்று அனுப்பியபோது, இது எண் இல்லையே என்று அந்த ஆவணத்தையே முழுசா நிராகரித்தது. புலத்தை மட்டும் அல்ல, வரி மொத்தமும் போச்சு. எங்களுக்கு எந்த லாக் தேவையோ, சரியாக அது மட்டும் உள்ளே நுழையவில்லை. நிராகரித்த செய்தி, லாக்கை அனுப்பும் கருவியின் சொந்த லாக்கில் இருந்தது. அதை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு புலத்தை `http.response.status_code` என்றும் இன்னொன்றை `payment.status` என்றும் பெயர் மாற்றினோம். இண்டெக்ஸுக்கு வகைகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தோம். நிராகரிக்கப்பட்ட வரிகளின் எண்ணிக்கைக்கு ஓர் அலாரமும் வைத்தோம். எங்களுக்கு அதிகம் பயன்பட்டது அந்த மூன்றாவதுதான், ஏனென்றால் புதிதாக வரும் சேவை மறுபடியும் `status` என்று எழுதத்தான் செய்யும்.

உங்கள் இடத்திலும் இதைச் சோதிக்கலாம். நேற்று நடந்த ஒரே ஒரு கோரிக்கையின் `trace.id`-ஐ எடுத்துத் தேடிப் பாருங்க. அது கடந்துபோன சேவைகள் எத்தனை, திரையில் வந்த சேவைகள் எத்தனை என்று எண்ணுங்க. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், விடுபட்ட சேவை ஒன்று வேறு பெயரில் எழுதுகிறது, இல்லை அதன் வரி வாசலிலேயே நிற்கிறது.