முக்காலிப் படங்களில் அதிர்வு மங்கல்

முக்காலியின் மீது அசையாமல் நிறுத்தப்பட்ட காமிராவினால் எடுக்கும் படத்திலும், காமிராவினுள்ளே இயங்கும் பாகங்கள் உண்டாக்கும் அதிர்ச்சியினால் நுண்ணிய கோடுகள் கலங்கித் தோன்றுவதுண்டு. இதற்கு அதிர்வு மங்கல் என்று பெயர். இதனை நீக்கும் பொருட்டு அமைந்த உபாயங்கள் பிரதானமாக மூன்று. கண்ணாடியை முன்கூட்டியே உயர்த்தி நிறுத்தும் மிரர் லாக்-அப், கண்ணாடி உயர்ந்தபின் சிறிது நேரம் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும் எக்ஸ்போஷர் தாமதம், ஷட்டரின் முதல் திரைக்குப் பதிலாக சென்சாரையே கொண்டு ஒளிப்பதிவைத் தொடங்கும் எலெக்ட்ரானிக் முதல் திரை ஆகியவை அவை. மூன்றும் ஒரே நோக்கத்தை உடையவையாயினும், அவை நீக்கும் அதிர்ச்சிகள் முற்றிலும் ஒன்றல்லவாகையால், எந்த ஒன்றும் மற்ற இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்யும் என்று கருதுவதற்கில்லை.

அதிர்ச்சியின் தோற்றம்

எஸ்.எல்.ஆர். காமிராவில், லென்ஸின் வழியே வரும் ஒளியைப் பார்வைக் கண்ணறைக்குத் திருப்பிவிடும் பொருட்டு, சாய்வாக அமைந்த ஒரு கண்ணாடி ஷட்டருக்கு முன்னால் நிற்கிறது. பொத்தானை அழுத்தியவுடன் இக்கண்ணாடி வேகமாக மேலெழுந்து தன் தடையில் மோதி நிற்கிறது. உடனே ஷட்டரின் முதல் திரை விலகி, அதுவும் தன் ஓட்டத்தின் முடிவில் சடக்கென நின்றுவிடுகிறது. குறித்த காலம் கழிந்ததும் இரண்டாம் திரை வந்து மூட, கண்ணாடி பழைய நிலைக்கு இறங்குகிறது. இந்த வரிசையில் ஒளிப்பதிவுக்கு முன்னதாகவோ அதன் ஆரம்பத்திலோ நிகழும் அதிர்ச்சிகளே படத்தைப் பாதிக்க வல்லவை. இரண்டாம் திரை நிற்பதும் கண்ணாடி இறங்குவதும் பதிவு முடிந்தபின் நிகழ்வதால், அவற்றின் சத்தம் எவ்வளவு பெரிதாயினும் படத்துக்கு அவற்றால் தீங்கில்லை.

ஆகவே கவனிக்க வேண்டிய அதிர்ச்சிகள் மூன்று: பொத்தானை அழுத்தும் விரலின் அசைவு, கண்ணாடியின் மோதல், முதல் திரையின் மோதல்.

இவை எவ்வளவு சிறிய சலனங்களாயினும் போதுமானவை என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2014-இல் வெளிவந்த நிக்கான் டி810 காமிராவின் சென்சார் ஏறத்தாழ 35.9 மில்லிமீட்டர் அகலமுடையது. அந்த அகலத்தில் 7360 பிக்சல்கள் அடங்கியிருப்பதால், ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 4.9 மைக்ரான். இக்காமிராவில் 200 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால், காமிரா ஒரு பாகையின் 700 பங்கில் ஒரு பங்கு திரும்புவதே பிம்பத்தை ஒரு பிக்சல் இடம் பெயர்த்துவிடப் போதும். முக்காலித் திருகிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியுள்ள லென்ஸின் முனையில் அளந்தால், அச்சலனம் வெறும் 5 மைக்ரான். தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத இந்த அசைவைக் கண்ணால் காண இயலாது. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது அதன் விளைவு தெளிவாகத் தெரியும்.

எந்த வேகங்களில் தோன்றும்

எல்லா ஷட்டர் வேகங்களிலும் இம்மங்கல் சமமாகத் தோன்றுவதில்லை. பொதுவாக 1/60 வினாடியிலிருந்து 1 வினாடி வரையிலான வேகங்களே அபாயகரமானவை. அவற்றிலும் 1/30 முதல் 1/4 வரையிலான பகுதியே மிகவும் தொல்லை தருவது. இதன் காரணத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். கண்ணாடி மோதியதால் எழும் அதிர்வு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் நீடித்து அடங்குவதாக வைத்துக்கொள்வோம். 8 வினாடிப் பதிவில், அந்தக் கலங்கிய நேரம் மொத்தத்தில் நாற்பதில் ஒரு பங்கேயாகையால், அப்போது விழுந்த ஒளி மற்றதன் மிகுதியில் மறைந்து போகிறது. 1/15 வினாடிப் பதிவிலோ முழு நேரமும் அதிர்வுக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. 1/1000 வினாடியில், அதிர்வு தொடர்ந்துகொண்டிருந்தாலும், ஓர் ஊசலின் மிகச் சிறு பகுதி மட்டுமே பதிவாவதால் பிம்பம் நகர அவகாசமிராது. இக்காரணத்தினாலேயே, நீண்ட பதிவுகள் தெளிவாகவும் இடைப்பட்ட பதிவுகள் மங்கலாகவும் அமைவதைக் கண்டு, முக்காலியையோ லென்ஸையோ குறைகூறுவோர் பலர் உளர்.

கண்ணாடியை உயர்த்தி நிறுத்தல்

கண்ணாடியை முன்னரே உயர்த்தும் வசதி பிலிம் காலத்திலேயே இருந்தது. 1959-இல் வெளிவந்த நிக்கான் எப் காமிராவில், பின்பாகம் காமிராவினுள் நீண்டிருக்கும் 21 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்துவதற்குக்கூட கண்ணாடியை உயர்த்திப் பூட்ட வேண்டியிருந்தது. பிற்காலத்திய டிஜிட்டல் காமிராக்களில் இது இரு அழுத்தங்களாக அமைந்துள்ளது: முதல் அழுத்தத்தில் கண்ணாடி உயர்கிறது, அதிர்வு அடங்கும்வரை காத்திருந்து, இரண்டாம் அழுத்தத்தில் படம் எடுக்கப்படுகிறது. நிக்கான் காமிராக்களில், வெளியீட்டு முறைகளுக்கான சக்கரத்தை `Mup` என்ற குறியில் நிறுத்த வேண்டும். இரண்டாம் அழுத்தம் தரப்படாவிடில் ஏறத்தாழ 30 வினாடி கழித்துக் காமிரா தானாகவே படத்தை எடுத்துவிடும். கண்ணாடி உயர்ந்திருக்கும்போது கண்ணறை இருண்டுவிடுமாதலால், சட்டகமும் குவிமையமும் அதற்கு முன்பே நிச்சயிக்கப்பட்டிருத்தல் அவசியம்.

இம்முறை கண்ணாடியின் மோதலை நீக்குகிறது. ஆனால் இரண்டாம் அழுத்தத்தை விரலால் கொடுத்தால், நீக்கிய அதிர்ச்சிக்குப் பதிலாக வேறோர் அதிர்ச்சியைச் சேர்த்தது போலாகும். எனவே கம்பி வழியாகவோ ரிமோட் மூலமாகவோ அதனைக் கொடுப்பது வழக்கம்.

எக்ஸ்போஷர் தாமதம்

ரிமோட் கைவசம் இல்லாதோர்க்கு உதவுவது இது. பொத்தானை ஒரு முறை அழுத்தியதும் கண்ணாடி உயர்ந்து, டி810-இல் 1, 2 அல்லது 3 வினாடி கழித்து ஷட்டர் திறக்கிறது. விரலின் அசைவும் கண்ணாடியின் மோதலும் ஒருங்கே அடங்க இத்தாமதம் இடந்தருகிறது.

இதனையும் செல்ப்-டைமரையும் ஒன்றாகக் கொள்ளலாகாது. நிக்கான் காமிராக்களின் சாதாரண செல்ப்-டைமரில், காத்திருக்கும் காலம் முடிந்த பின்னரே கண்ணாடி உயருவதால் விரலின் அசைவு மட்டும் நீங்கி, கண்ணாடியின் அதிர்ச்சி அப்படியே எஞ்சிவிடுகிறது. கேனன் காமிராக்களிலோ, மிரர் லாக்-அப் வசதியை இயக்கி 2 வினாடி செல்ப்-டைமரையும் உடன் அமைத்தால், கண்ணாடி முதலில் உயர்ந்து, இரண்டு வினாடி கழித்துப் படம் பதிவாகிறது.

எலெக்ட்ரானிக் முதல் திரை

மேற்கூறிய இரண்டும் தொடாமல் விடும் அதிர்ச்சி முதல் திரையினுடையது. அதன் எடை கண்ணாடியினதைவிடக் குறைவாயினும், அது சரியாகப் பதிவு தொடங்கும் தறுவாயில் நிகழ்வதால் அதனை முன்கூட்டியே கழித்துவிட வழியில்லை. கண்ணாடியே இல்லாத காமிராவிலும் இது நேரக்கூடும் என்பதற்கு 2013-இல் வெளிவந்த சோனி ஏ7ஆர் நல்ல சான்று. 36 மெகாபிக்சல் கொண்ட அக்காமிராவில், படம் எடுக்குமுன் திறந்திருக்கும் ஷட்டர் முதலில் மூடி, பிறகு மறுபடி திறக்க வேண்டியிருந்ததால், நீண்ட லென்ஸ்களோடு சில வேகங்களில் மங்கல் தென்பட்டது. 2015-இல் வந்த ஏ7ஆர் II-இல் எலெக்ட்ரானிக் முதல் திரை சேர்க்கப்பட்டது.

இம்முறையில் ஷட்டரின் உலோகத் திரை பதிவுக்கு முன்பே விலகி நிற்கிறது. சென்சாரின் பிக்சல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை வரிசை வரிசையாகச் சுத்தம் செய்யப்பட்டு, அக்கணத்திலிருந்து ஒளியைச் சேகரிக்கத் தொடங்குகின்றன. இந்த ஓட்டம், பின்னால் வரப்போகும் இரண்டாம் திரையின் வேகத்துக்கு ஒத்ததாக நிர்ணயிக்கப்பட்டிருப்பதால், எல்லா வரிசைகளுக்கும் சமமான ஒளி கிடைக்கிறது. பதிவைத் தொடங்கும் பொருட்டு எந்தப் பாகமும் அசைவதில்லை. முடிக்கும் வேலையை மட்டும் உலோகத் திரை செய்கிறது.

டி810-இல் மெனுவில் இதனை இயக்கி வைத்தாலும், `Mup` முறையில் மட்டுமே இது செயற்படும். வேறு முறையில் சக்கரத்தை விட்டுவிட்டு, வசதி இயங்குவதாக எண்ணிக்கொள்வது சாதாரணமாக நேரும் பிழை.

ஒரு பிரயோகம்

அந்தி வேளையில், தொலைவிலுள்ள ஒரு கட்டடத்தின் ஜன்னல் கம்பிகளை டி810-உம் 200 மில்லிமீட்டர் லென்ஸும் கொண்டு, எப்/8, ஐ.எஸ்.ஓ. 64, 1/15 வினாடி என்ற அளவுகளில் எடுப்பதாகக் கொள்வோம். லென்ஸுக்கு முக்காலி வளையம் இருந்தால் அதன் வழியாகவே பொருத்தி, லென்ஸின் அதிர்வு தடுப்பானை நிறுத்திவிட வேண்டும். பிறகு லைவ் வியூவில் பிம்பத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, முக்காலியின் காலை விரலால் லேசாகத் தட்டி, திரையில் கம்பிகள் ஆடி ஓய எத்தனை வினாடி ஆகிறதென்று பார்த்தால், காத்திருக்க வேண்டிய காலம் தெரிந்துவிடும். இரண்டு வினாடிக்குள் ஓய்ந்ததாயின், லைவ் வியூவை விட்டு வெளியேறி, `Mup` முறையில் எலெக்ட்ரானிக் முதல் திரையை இயக்கி, தாமதத்தை 3 வினாடியாக அமைக்கலாம். முதல் அழுத்தத்தில் கண்ணாடி உயரும். இரண்டாம் அழுத்தத்துக்குப் பின் விரலின் அசைவு தாமதத்தில் கரைந்து, திரையின் மோதலின்றிப் பதிவு தொடங்கும்.

பயன் உண்டாயிற்றா என்று அறிய, இவ்வசதிகள் எதுவுமின்றி அதே அளவுகளில் வேறொரு படம் எடுத்து, இரண்டையும் 100 சதவீத அளவில் ஒப்பிட வேண்டும். கண்ணாடியும் திரைகளும் மேலும் கீழுமாக இயங்குவதால், அவற்றின் மங்கல் பெரும்பாலும் அத்திசையிலேயே அமையும்: கிடைக்கம்பிகள் இரட்டித்தோ தடித்தோ தோன்ற, நிமிர்ந்த கம்பிகள் கூர்மையாகவே இருக்கும். காமிராவை நெட்டு வாட்டத்தில் திருப்பினால் மங்கலின் திசையும் உடன் திரும்பும். எல்லாத் திசைகளிலும் சமமாக மங்கியிருந்தால் குற்றம் பெரும்பாலும் குவிமையத்தினுடையது.

வரம்புகள்

எலெக்ட்ரானிக் முதல் திரை அதிவேகங்களுக்கு ஏற்றதன்று; டி810-இல் அதன் எல்லை 1/2000 வினாடி. சென்சாரின் பரப்பும் அதற்குச் சற்று முன்னால் ஓடும் உலோகத் திரையும் ஒரே தளத்தில் இல்லாமையால், அகன்ற துவாரமும் மிகுந்த வேகமும் சேரும்போது, குவிமையத்துக்கு வெளியே உள்ள ஒளிவட்டங்கள் ஒரு பக்கம் வெட்டுண்டதுபோல் தோன்றலாம். முக்காலியில் எடுக்கும் மெதுவான பதிவுகளில் இத்தொல்லை எழுவதில்லை. காற்றினால் முக்காலியே ஆடுமிடத்தும், இலை, நீர் முதலிய பொருள்கள் தாமே அசையுமிடத்தும் இம்மூன்று உபாயங்களும் பயன்படா. அங்கே காற்று ஓயும் தருணத்துக்குக் காத்திருப்பதோ, ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தி வேகத்தைக் கூட்டுவதோதான் வழி.